மூன்று பேருக்கு விட்ட வீட்டில் நான்காவது ஆள்: பேச்சிலர், விருந்தாளி விதிகளை எழுத்தில் வைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024 கோடையில், சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதும், சரியாக எழுதாத ஒப்பந்தத்தால் வரும் சச்சரவுகளில் நடுவில் உட்காருவதும் என் தொழிலில் ஒரு பகுதி. இந்த வீட்டுக்காரர் தெருச் சங்கத்தின் செயலாளர் மூலமாக என்னிடம் வந்தார்.

வீடு தரைத்தளமும் இரண்டு மாடியும். தரைத்தளத்தில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் பொதுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாடகைதான் குடும்பத்தின் பெரிய வருமானம். இரண்டாம் மாடியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் கொண்ட குடும்பம். முதல் மாடி இரண்டு படுக்கையறை போர்ஷன், வாடகை 22,000 ரூபாய். அது இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. குடும்பமாகத் தேடியவர்கள் எல்லாம் லிஃப்ட் உள்ள அடுக்குமாடியைக் கேட்டார்கள். கடைசியில் புரோக்கர், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று பையன்களைக் கூட்டி வந்தார். பேச்சிலர்களுக்கு விடுவதில் வீட்டுக்காரருக்கு அரை மனசு. மூன்று நிபந்தனையை வாயால் சொன்னார்: பெண்கள் வரக் கூடாது, குடிக்கக் கூடாது, பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவேன். வீடு கிடைத்தால் போதும் என்ற நிலையில் பையன்கள் மூன்றுக்கும் தலையாட்டினார்கள்.

எழுத்தில் இருந்தது வேறு. புரோக்கர் கொண்டு வந்த ஒப்பந்தம் கடையில் அச்சடித்து வைத்திருக்கும் பழைய மாதிரி. பெயரையும் தொகையையும் மட்டும் நிரப்பியிருந்தார்கள். மூவரில் ஒருவர் பெயர்தான் அதில் இருந்தது. ஐந்தாவது பத்தியில் "வாடகைதாரர் தம் குடும்பத்தாருடன் மட்டும் வசிக்க வேண்டும், வேறு எவரையும் தங்க வைக்கக் கூடாது" என்று இருந்தது. அந்த வரியின்படி பார்த்தால் மற்ற இரண்டு பேரும் சாமான் இறக்கிய நாளிலேயே விதிமீறல் தொடங்கிவிட்டது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தன. இரு தரப்பும் படித்திருக்கவில்லை. வாயால் சொன்ன மூன்று நிபந்தனையோ தாளில் எங்குமே இல்லை.

பிரச்சினை எப்படி முற்றியது

முதல் ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு பையனுக்கு அமெரிக்க ஷிஃப்ட். விடியற்காலை மூன்று மணிக்கு ஆபீஸ் கேப் இறக்கிவிடும். பத்து மணிக்குப் பூட்டும் கேட்டை அவனுக்காகத் திறக்க வேண்டியிருந்தது, ஒரு வாரத்திலேயே சாவி அவன் கைக்குப் போனது. ஆகவே மூன்றில் ஒரு நிபந்தனை யாரும் சொல்லாமலே காலாவதியாகியிருந்தது.

ஏப்ரலில் போர்த் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான். 12,000 லிட்டர் லாரிக்கு அவர் கொடுத்தது 1,800 ரூபாய். சம்ப் சீக்கிரம் காலியாவதைக் கவனித்த வீட்டுக்காரருக்கு, முதல் மாடியில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பது அப்போதுதான் உறுத்தியது. வாசலில் செருப்பை எண்ண ஆரம்பித்தார். "மூணு பேருக்குத்தானே விட்டேன், ஆறு ஜோடி கிடக்குதே" என்று மனைவியிடம் புலம்பினார். பையன்களிடம் கேட்டபோது, "ஃப்ரெண்ட்ஸ் வீக்கெண்டுக்கு வந்திருக்காங்க அங்கிள்" என்று பதில் வந்தது.

மே மாதம் ஒரு பையனின் அக்கா, பக்கத்துக் கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்காக ஊரிலிருந்து வந்து நான்கு ராத்திரி தங்கினார். இரண்டாம் மாடியம்மா படியில் பார்த்துவிட்டு வீட்டம்மாவிடம் சொன்னார். மூன்றாம் ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யார் இந்தப் பெண், ஆதாரைக் காட்டு, காலையில் காலி பண்ணு என்று கேட்டிருக்கிறார். அக்கா என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. வாக்குவாதம் முற்றி, மறுநாள் முதல் மாடித் தொட்டிக்குப் போகும் வால்வை மூடி, மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க முதல் மாடியில் தண்ணீர் இல்லை. பதிலுக்கு ஜூன் மாத வாடகையைப் பையன்கள் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த இரண்டு செயலும் சட்டப்படி எங்கே நிற்கின்றன என்பதைத்தான் இரு தரப்புக்கும் முதலில் சொன்னேன். தமிழ்நாட்டில் பழைய 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் நிறைவேறிய நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை பாக்கியோ, சண்டையோ, எதுவாக இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு அதில் இடமில்லை. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனே திறந்துவிடச் சொல்லி உத்தரவு வரும். மறுபக்கம், இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் அதுவே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்குப் போதுமான காரணம். தாங்கள் வலுவான இடத்தில் நிற்பதாக நினைத்த இரண்டு பேரும் தங்களுக்கே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வால்வு அன்றைக்கே திறந்தது, ஜூன் வாடகை அந்த வாரமே வந்தது. பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கவனித்தது

மூன்று தரப்பிடமும் தனித்தனியாகப் பேசினேன். இப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் வருவது ஒழுக்கம் பற்றிய பேச்சாகவே இருக்கும்: "பசங்க சரியில்ல", "அந்தப் பொண்ணு யாரோ என்னவோ". அதை அப்படியே வைத்து விதி எழுதினால் யாரும் அளக்க முடியாத விதிதான் வரும். அதனால் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டேன்: ஒருவர் கூடுதலாகத் தங்கினால் உங்களுக்கு என்ன நஷ்டம்? தண்ணீர் என்றார். ராத்திரி சத்தம் என்றார். வண்டி நிறுத்த இடமில்லை என்றார். வீட்டம்மா சொன்னதுதான் நான்காவது: "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, போலீஸ் என் வீட்டு வாசல்லதானே வந்து நிக்கும். உள்ள யார் இருக்காங்கன்னே தெரியாம நான் என்ன பதில் சொல்றது?" இந்த நான்கையும் விதியாக எழுதலாம். ஐந்தாவதாகச் சொன்ன "தெருவில் பேர் கெட்டுடும்" என்பதை எழுத முடியாது.

தண்ணீர்க் கணக்கை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சண்டை அங்கேதான் பிறந்தது. லாரி வந்த தேதியெல்லாம் வீட்டம்மாவின் சமையலறை மாதக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டிருந்தது. மே மாதத்தில் இரண்டு லாரிக்கு நடுவே சராசரியாக ஆறரை நாள். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,850 லிட்டர். நகரங்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் திட்ட அளவு ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர். தரைத்தளம் இரண்டு, மேலே நான்கு, முதல் மாடி மூன்று. ஒன்பது பேருக்கு 1,215 லிட்டர்தான் ஆக வேண்டும். லாரி பத்து நாள் தாங்க வேண்டும்.

வார இறுதி நண்பர்கள் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்த்தோம். இரண்டு பேர், இரண்டு ராத்திரி, மாதம் நான்கு வாரம் என்றால் 16 விருந்தாளி ராத்திரிகள். மாதம் முழுவதும் பரப்பினால் நாளைக்கு 72 லிட்டர். பணமாக, லாரித் தண்ணீர் லிட்டருக்குப் பதினைந்து பைசா என்பதால், ஒரு விருந்தாளியின் ஒரு ராத்திரித் தண்ணீர் ஏறக்குறைய இருபது ரூபாய். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அக்கா தங்கிய நான்கு ராத்திரிக்கு எண்பது ரூபாய். அதற்குத்தான் கதவைத் தட்டி, வால்வை மூடி, ஒரு மாத வாடகை நின்றது.

ஆனாலும் 1,215-க்கும் 1,850-க்கும் நடுவே 600 லிட்டருக்கு மேல் இடைவெளி. விருந்தாளிகள் அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பையன்களிடம் மறுபடி உட்கார்ந்தபோதுதான் உண்மை வந்தது. ஜனவரியில் "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று வந்த நண்பன் ஐந்து மாதமாக அங்கேயே இருந்தான். வேலையும் கிடைத்துவிட்டது. மாதம் 4,000 ரூபாய் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தான். குளிர்காலத்தில் போர்த் தண்ணீர் இருந்ததால் அவன் இருப்பது சம்பில் தெரியவில்லை. பையன்கள் கண்ணில் அவன் விருந்தாளி. பங்கு வாங்கிக்கொண்டு, எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒருவரைக் குடிவைப்பதை 2017 சட்டத்தின்படி உள்வாடகை என்றே வாதாடலாம்; உள்வாடகைக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற்ற அதுவே காரணமாகும். வீட்டுக்காரரின் சந்தேகம் சரி. அவர் சந்தேகப்பட்ட ஆள்தான் தப்பு. நான்கு ராத்திரி தங்கிய அக்காவைப் பிடித்தார், ஐந்து மாதம் தங்கியவனைக் கண்டுபிடிக்கவில்லை.

அவன் கணக்கு 135 லிட்டர். விருந்தாளிகளையும் சேர்த்துக் கழித்தாலும் இன்னும் நாளைக்கு 400 லிட்டருக்கு மேல் கணக்கில் வரவில்லை. ஒருவருக்கு 135 என்பது திட்ட அளவுதான், அளந்து பார்த்தது இல்லை. லாரிக்காரர் முழுசாக இறக்கினாரா என்பதும் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் 400 லிட்டர் பெரிய ஓட்டை. மூன்று போர்ஷனிலும் கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம் என்று சொன்னோம். முதல் மாடியில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் மாடியில், குடும்பம் இருக்கும் போர்ஷனில், ஒரு கோப்பைக்குள் நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ராத்திரி பகலாகச் சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. பிளம்பர் வந்து மாற்றினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இதற்குப் பிறகு புதிய ஒப்பந்தமும் அதோடு இணைப்பாக ஒரு "தங்குமிட விதி"யும் எழுதினோம். இணைப்பு இரண்டு பக்கம்தான். முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் முடிவு, விதி முதல் மாடிக்கு மட்டும் இல்லை, இரண்டு மாடிக்கும் ஒன்றே. வீட்டுக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை; "அவங்க ஃபேமிலிதானே சார்" என்றார். ஒரு விதி நியாயமானதா என்று பார்க்க, அதை நமக்குப் பிடித்த வாடகைதாரர் மேல் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. என் முதல் வரைவில், மாதத்தில் பத்து ராத்திரிக்கு மேல் தங்கினால் அவர் குடியிருப்பவர், ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் மாடியம்மா உடனே கேட்டார்: "எங்க மாமியார் வருஷா வருஷம் ரெண்டு மாசம் வந்து இருப்பாங்களே, அவங்களையும் பத்திரத்துல எழுதணுமா?" நியாயமான கேள்வி. அதிலிருந்து பிறந்ததுதான் உறவினர் பிரிவு: ஒப்பந்தத்தில் பெயருள்ள எவரின் பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர், பிள்ளைகள் வருடத்துக்கு மொத்தம் அறுபது ராத்திரி வரை, தகவல் மட்டும் சொல்லிவிட்டுத் தங்கலாம். மாமியாருக்காகத் திறந்த அதே பிரிவில் பையனின் அக்காவும் வந்துவிட்டார்.

விருந்தாளிக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள எல்லையை இப்படி எழுதினோம்:

"ஒரு போர்ஷனில் ஒரே ராத்திரியில் இரண்டு விருந்தாளிகளுக்கு மேல் தங்கக் கூடாது. தொடர்ந்து மூன்று ராத்திரி வரை யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் ராத்திரி முதல் விருந்தாளியின் பெயர், தொலைபேசி எண், கிளம்பும் நாள் ஆகியவற்றை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். உறவினர் பிரிவில் வராத ஒருவர் ஒரு மாதத்தில் பத்து ராத்திரிக்கு மேல் தங்கினாலோ, வாடகையில் பங்கு கொடுத்தாலோ அவர் குடியிருப்பவர்."

கடைசி வாக்கியத்தில் இருக்கும் "பங்கு கொடுத்தாலோ" என்பது நான்காவது பையனுக்காகவே எழுதியது. ராத்திரியை எண்ணுவது கஷ்டம். ஊருக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்லிவிடலாம். பணம் கைமாறினால் தடயம் இருக்கும்.

விருந்தாளி ஆணா பெண்ணா என்பது விதியில் இல்லை. இதில்தான் நீளமாகப் பேச வேண்டியிருந்தது. பெண்கள் வரக் கூடாது என்ற வரி வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமாகாது என்று, கோயம்புத்தூரில் ஒரு விடுதியை அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அது விடுதி பற்றிய வழக்கு, வாடகை வீட்டுக்கு நேராகப் பொருந்தும் தீர்ப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவரை அசைத்தது தீர்ப்பு இல்லை. அந்த வரி இருந்தால் அக்கா, அம்மா, ஆபீஸ் தோழி யார் வந்தாலும் அவரே மாடியேறி உறவு விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்தரை மணி வாக்குவாதம்தான். "என்னால முடியாதுப்பா அது" என்று வீட்டம்மாதான் முடித்து வைத்தார். அவருடைய கவலைக்கு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்கு, வேறு வழியில் பதில் கொடுத்தோம். குடியிருக்கும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை நகலும், வேலை பார்க்கும் இடமும், ஊரில் ஒருவரின் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். மூன்று ராத்திரிக்குள் கிளம்பும் விருந்தாளியிடம் எதுவும் கேட்கக் கூடாது.

ஆள் கணக்கு: ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர், ஆக முதல் மாடிக்கு உச்சம் நான்கு. அதனால் நான்காவது பையனை வெளியே அனுப்பத் தேவையில்லை, அவன் பெயரைச் சேர்த்தால் போதும். வாடகையை ஏற்றக் கேட்டார் வீட்டுக்காரர். அறைகள் அதேதான், கூடுவது தண்ணீர்தான் என்பதால், கோடை மாதங்களில் லாரிச் செலவைத் தலைக்கு 600 ரூபாய் என்று வைத்தோம் (135 லிட்டர், 30 நாள், லிட்டருக்குப் பதினைந்து பைசா). மாதம் பன்னிரண்டு விருந்தாளி ராத்திரி வரை இலவசம். அதற்கு மேல் கோடையில் ராத்திரிக்கு இருபது ரூபாய். உறவினர் பிரிவில் வருபவருக்கும் இதே கணக்கு.

நான்கு பேரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதி நான்கு கையெழுத்தும் வாங்கினோம். ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டு மற்றவர்களை "கூட இருப்பவர்கள்" என்று விடுவது இரு பக்கமும் ஆபத்து. பெயருள்ளவன் வேலை மாறிப் போய்விட்டால் மற்றவர்களுக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை. வீட்டுக்காரருக்கோ மற்றவர்களிடம் வாடகை கேட்கப் பிடிமானம் இல்லை. ஒருவர் மாறினால் என்ன என்பதையும் எழுதினோம். முப்பது நாள் முன்பே தகவல். புது ஆள் வீட்டுக்காரரைச் சந்திக்க வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் சரி என்றோ, வேண்டாம் என்றால் காரணத்தோடோ எழுத்தில் சொல்ல வேண்டும். அடையாள ஆவணம் இல்லை, வேலையோ படிப்போ காட்ட முடியவில்லை, ஆள் கணக்கு மீறுகிறது, இந்த மூன்றைத் தவிர வேறு காரணம் செல்லாது. அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்காரர் தொடுவதில்லை. போகிறவனுக்கு வருகிறவன் கொடுத்து, இருவரும் ஒரு ரசீதில் கையெழுத்திட்டு நகலை வீட்டுக்காரரிடம் தர வேண்டும். சேர்ந்து தங்கும் வீடுகளில் அட்வான்ஸ் தகராறு பெரும்பாலும் இந்த ரசீது இல்லாத இடத்தில்தான் வருகிறது.

மற்றவை சுருக்கம். கேட்டுக்கு நேரம் இல்லை, ஆளுக்கொரு சாவி. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வெளியே கேட்கும் சத்தம் கூடாது. ஒலி மாசு விதிகளும் அதையேதான் இரவு என்கின்றன. மொட்டை மாடி ஒன்பது மணி வரை, அங்கும் படிக்கட்டிலும் மது கூடாது; போர்ஷனுக்குள் நடப்பதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. வீட்டுக்காரர் உள்ளே வருவதானால் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், தண்ணீர் ஒழுகல், தீ போன்ற அவசரம் தவிர. மீறினால் முதலில் செய்தி. அதே தவறு தொடர்ந்தால் திருத்திக்கொள்ளப் பதினைந்து நாள் கெடுவோடு கடிதம். அதற்கும் மேல் போனால் இரண்டு மாத நோட்டீஸ். தண்ணீர், மின்சாரம், கேட் சாவி இவற்றைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தனி வரியாக வைத்தோம்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். 11 மாதம் என்று போட்டால் பதிவே தேவையில்லை என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பத்திரப்பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்த பழக்கம். 2017 சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். இணைப்பில் உள்ள தங்குமிட விதியையும் ஒப்பந்தத்தின் பகுதியாகக் குறிப்பிட்டு, அதே கோப்பில் சேர்த்தோம். தனித் தாளாக வைத்தால் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

பிறகு நடந்தது

வாஷர் மாற்றிய பின் லாரி இடைவெளி ஒன்பது நாளை ஒட்டி வந்தது. பத்துப் பேருக்கு நாளைக்கு 1,350 லிட்டர் என்ற கணக்கோடு அது ஒத்துப்போனது. தண்ணீர் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

ஆகஸ்டில் ஒரு பையனின் ஆபீஸ் தோழி, வேலை முடிய நள்ளிரவாகி ஹாஸ்டல் கேட் பூட்டிவிட்டதால், ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போனார். இரண்டாம் மாடியம்மா கீழே வந்து சொன்னார். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு போன் பண்ணிப் பொருமினார். விதியில் எந்த வரி மீறப்பட்டது என்று கேட்டேன். இல்லை என்று அவருக்கும் தெரியும். மாடியேறவில்லை. அவர் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

மீறலும் நடந்தது. அக்டோபரில் மஞ்சள் காமாலை வந்த ஒரு நண்பனை, ஹாஸ்டலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பையன்கள் கூட்டி வந்து மூன்று வாரம் வைத்திருந்தார்கள். தகவல் பதினோராம் நாள்தான் வந்தது. வீட்டுக்காரர் விதிப்படி முதல் செய்தியை அனுப்பினார், பையன்கள் மன்னிப்புக் கேட்டு, கிளம்பும் தேதியைச் சொன்னார்கள். அந்தத் தேதிக்கு அவன் கிளம்பினான். அது மழைக்காலம் என்பதால் தண்ணீர்க் கட்டணம் இல்லை. பழைய ஒப்பந்தமாக இருந்திருந்தால் இது காலி பண்ணு என்ற சண்டையில் முடிந்திருக்கும் என்று இரு தரப்புமே பின்னர் சொன்னார்கள்.

டிசம்பரில் ஒருவனுக்கு பெங்களூருக்கு மாற்றல். புது ஆளைச் சந்தித்த வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். காரணத்தை எழுதச் சொன்னபோது மூன்று காரணத்தில் எதுவும் பொருந்தவில்லை. எழுத முடியாத காரணம் ஒன்று அவர் மனதில் இருந்தது, அதை நானும் கேட்கவில்லை. ஆறாம் நாள் சரி என்று செய்தி அனுப்பினார்.

காலம் முடிந்ததும் அப்போது இருந்த நால்வருக்கு, 1,000 ரூபாய் வாடகை ஏற்றி, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். ஆனால் இவர்கள் போன பிறகு குடும்பத்துக்குத்தான் விடுவேன் என்றும் சொன்னார். தனியார் வீட்டுக்காரர் பேச்சிலருக்கு விட மாட்டேன் என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை. இப்படிப்பட்ட விதி வீட்டுக்குள் வந்துவிட்டவர்களைக் காக்கும், வாசலில் நிற்பவர்களை இல்லை.

விதியில் மாற்ற வேண்டியவை

புதுப்பித்தபோது மூன்று இடத்தைத் திருத்தினோம். உறவினருக்கு "வருடத்துக்கு அறுபது ராத்திரி" என்பதில் வருடம் எப்போது தொடங்குகிறது என்று இல்லை. மாமியார் டிசம்பரில் வந்து பிப்ரவரியில் கிளம்ப, காலண்டர் வருடமா ஒப்பந்த வருடமா என்ற கேள்வி வந்தது. ஒப்பந்தம் தொடங்கிய தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதினோம். நோயாளி விருந்தாளிக்கு, உடனே தகவல் சொன்னால் முப்பது ராத்திரி வரை, குடியிருப்பவர் என்ற கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று ஒரு விலக்கு.

மூன்றாவது திருத்தம், வண்டி நிறுத்துவது பற்றி. வீட்டுக்காரர் முதல் நாளே சொன்ன நான்கு நஷ்டத்தில் அதுவும் ஒன்று. விதியில் அதற்கு வரி இல்லாமல் போனது. சனிக்கிழமை ராத்திரி விருந்தாளிகளின் பைக் இரண்டு, கேட்டை ஒட்டி நின்று, காலை ஆறு மணிக்கு வீட்டம்மா பால் வாங்கப் போக வழியில்லாமல் ஆன பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. இப்போது உள்ளது: ஒரு போர்ஷனுக்கு இரண்டு வண்டி உள்ளே, விருந்தாளி வண்டி வெளியே மதில் ஓரம், கேட்டுக்கு இரண்டு பக்கமும் நான்கு அடி காலியாக விட வேண்டும்.